குழியைக் குறை சொல்லாதீர்கள், அடியில் களி இருக்கிறதா பாருங்கள்

கேள்வி: மூன்றடிக் குழி தோண்டி ஜல்லி நிரப்பியும் மழைநீர் இறங்காமல் நாலு நாள் தேங்கி நிற்கிறது. இப்போது உறைக்கிணறு போடச் சொல்கிறார்கள். அதுவும் வெட்டிச் செலவா?

உங்கள் குழியில் இந்நேரம் கொசுப்புழு நெளிந்துகொண்டிருக்கும். எனக்கும் அதே கதைதான்.

மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. கொத்தனார் சொன்ன அளவு அது, நானும் கேள்வி கேட்கவில்லை. முதல் பெருமழையில் அரைமணி நேரத்தில் நிரம்பி வாசலுக்கு வழிந்தது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 5 செ.மீ. மழை பெய்தால், சேதாரம் போக ஏறக்குறைய 4,000 லிட்டர் வரும். என் குழியின் மொத்தக் கொள்ளளவே 760 லிட்டர்தான். ஜல்லி நிரப்பினால் இடுக்குகளில் நிற்பது 300 லிட்டர் சொச்சம். மீதியை மண் உடனுக்குடன் குடித்தால்தான் உண்டு. என் மண் குடிக்கவில்லை.

ஏன் என்று தெரிந்துகொள்ள கைபோர் ஆளைக் கூப்பிட்டேன். மூன்றடி வரை செம்மண். அதற்குக் கீழே பதினோரு அடி வரை கறுப்புக் களி, உள்ளங்கையில் உருட்டினால் கயிறு மாதிரி திரிந்தது. பன்னிரண்டாவது அடியில் கரகரவென்று பருமணல், காய்ந்து கிடந்தது. என் குழியின் அடி களியின் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது! சட்டிக்குள் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

ஆகவே உறைக்கிணறு வெட்டிச் செலவு இல்லை, களியைத் தாண்டினால். நான் மூன்றடி விட்டமுள்ள உறைகளைப் பதினாறு அடிக்கு இறக்கினேன். உறைகளின் மூட்டில் சிமெண்ட் பூசவிடவில்லை. பக்கவாட்டிலும் தண்ணீர் கசிய வேண்டுமே. உறைக்கும் மண்ணுக்கும் நடுவில் சுற்றிலும் ஜல்லி, அடியில் ஓரடி ஜல்லி, மற்றபடி உள்ளே காலி. காலியாக விட்டதால் 3,000 லிட்டர் அதிலேயே நிற்கும், மணல் அடுக்கு நிதானமாக இழுத்துக்கொள்ளும். மேலே கனமான மூடி கட்டாயம். தோண்டுவதையும் பழகிய ஆட்களிடம் விடுங்கள், மண் சரிந்தால் உயிர் போகும்.

"இவ்வளவு எதற்கு, குழாயை நேரே போர்வெல்லில் விட்டால் போச்சு" என்று யாராவது கீழே எழுதுவார்கள். செய்யாதீர்கள். மாடித் தூசியும் பறவை எச்சமும் மண் வடிகட்டாமல் நேராக நிலத்தடி நீருக்குப் போய்விடும், போரின் சல்லடைத் துளைகளும் வண்டலால் அடைபடும். கிணற்றின் அடி நீர்மட்டத்துக்கு நன்றாக மேலேயே நிற்க வேண்டும் என்பதும் இதனால்தான். செப்டிக் டேங்க் பக்கம் வேண்டவே வேண்டாம். பருவத்தின் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள்.

வண்டல் விஷயத்தில் நானே கோட்டை விட்டேன். கிணற்றுக்கு முன்னால் ஒரு சின்ன வண்டல் தொட்டி கட்டச் சொன்னார்கள், இடமில்லை என்று விட்டுவிட்டேன். முதல் வருடம் நிரம்பிய கிணறு ஐந்து மணி நேரத்தில் காலியானது. மூன்றாம் வருடம் மறுநாள் காலையிலும் பாதி நின்றது. இறங்கிப் பார்த்தால் அடி ஜல்லியின் மேல் இரண்டு அங்குலத்துக்கு மாவு மாதிரி சேறு, ஆடை கட்டியிருந்தது. ஜல்லியை அள்ளிக் கழுவிப் போட்ட பிறகுதான் பழையபடி இறங்கியது. இப்போது தொட்டி இருக்கிறது, அதில் படிந்ததை மழைக்கு முன் வாருகிறேன். வருடா வருடம் காலியாகும் நேரத்தைக் குறித்து வையுங்கள், அடைப்பை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

தண்ணீர் இறைக்கும் என் பழைய கிணற்றில் நீர் ஏறியதா என்று கேட்பீர்கள். உறை இறக்கிய வருடம் ஏறியது, ஆனால் நல்ல மழை வருடம் அது. என் ஒரு உறைக்கிணற்றால்தான் என்று சொன்னால் பொய். இறங்கிய நீர் என் காம்பவுண்டுக்குள்ளேயே நிற்பதும் இல்லை. பின்வீட்டுக்காரர் முற்றம் முழுக்க டைல்ஸ் ஒட்டி, மழைநீரைத் தெருவுக்குத் தள்ளி, இரவெல்லாம் மோட்டார் ஓட்டுகிறார். குடியிருப்போர் குழுவில் இதைக் கேட்டேன், என் பதிவையே நீக்கிவிட்டார்கள். சரி, அது வேறு கதை.

உறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் கைபோர் போட்டுப் பாருங்கள். இருபத்தைந்து அடி வரை களியேதான் என்றால் உறை மட்டும் இறக்குவதும் வீண். அப்படியானால் கிணற்றின் நடுவில் களியைத் துளைத்து மணலைத் தொடும் அளவுக்கு ஒரு துளை போட்டு ஜல்லியும் மணலும் நிரப்ப வேண்டும். அதைக் கொத்தனாரிடம் விடாதீர்கள், போர் போடுகிறவரிடம் பேசுங்கள்.