ஐந்தில் ஒரு பங்கை எங்கிருந்து எடுப்பது?

"என் நாவலின் ஏழாம் அத்தியாயம் 6,000 சொல். ஐந்தில் ஒரு பங்கு குறைத்தே ஆகவேண்டும் என்று எடிட்டர் சொல்லிவிட்டார். நாலு நாளாக ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒன்றிரண்டு சொல்லாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். 400தான் குறைந்திருக்கிறது, அதற்குள்ளேயே தந்தி படிக்கிற மாதிரி இருக்கிறது. மீதி 800ஐ எங்கே போய் எடுப்பது?" – ஒரு வாசகி

அந்த நாலு நாள் வேலையைத் தனியாகச் சேமித்து வைத்துவிட்டு, கை வைப்பதற்கு முன்பிருந்த பழைய பிரதியைத் திறங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் இனி செய்யப்போகும் வேலைக்கு அந்தப் பிரதிதான் வேண்டும்.

வாக்கியம் வாக்கியமாகச் செதுக்கினால் ஓரளவு வரைக்கும் நல்லதுதான். தேவையில்லாத 'மிகவும்', 'ஒருவிதமான', ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்வது எல்லாம் உதிரும். என் அனுபவத்தில் நூற்றுக்கு ஐந்தாறு சொல் இப்படி வலிக்காமல் போகும், நீங்கள் 400 சொல்லுக்குப் பக்கத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்பதும் அதனால்தான். அதற்குமேல் எடுப்பதெல்லாம் சதை. அதைவிட மோசம், அத்தியாயத்தின் உயிரான காட்சிக்கும், இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்கிற காட்சிக்கும் ஒரே அளவு பிடித்தம் விழுகிறது. நல்ல காட்சி இளைத்துப்போகும், சொத்தைக் காட்சி கொஞ்சம் குட்டையாகி அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். இறந்துபோன அப்பாவின் வீட்டைக் காலி செய்ய அண்ணனும் தங்கையும் வருகிற அத்தியாயம், 5,000 சொல், அதில் 1,000 போகவேண்டும். அதில் ஒரு வாக்கியம் இப்படி இருந்தது:

"நீ வந்ததே பெரிய விஷயம்தான்" என்றான் அண்ணன், இழுப்பறையைக் குடைந்தபடி, அவள் பக்கம் திரும்பாமலே.

செதுக்கிய பிறகு:

"நீ வந்ததே பெரிய விஷயம்" என்றான் அண்ணன்.

ஐந்து சொல் மிச்சம். ஆனால் முதல் வாக்கியத்தில் அவன் குத்துகிறான், இரண்டாவதில் வரவேற்கிறான். அந்தக் குத்தே 'திரும்பாமலே'யிலும் 'தான்'இலும்தான் இருந்தது. இதில் கூத்து என்னவென்றால், 'தான்' ஒட்டிக்கொண்டு வருவதால் அதை எடுத்தாலும் சொல் கணக்கில் ஒன்றும் குறையாது! (அதேபோல 'வந்து கொண்டிருந்தான்' என்பதைச் சேர்த்து எழுதி ஒரு சொல்லாக்கி எண்ணிக்கையைக் குறைக்கிற வேலையையும் செய்துபார்க்காதீர்கள். நான் செய்திருக்கிறேன். எண் குறையும், பக்கம் குறையாது, எடிட்டர் பக்கத்தைத்தான் பார்ப்பார்.)

சரி, வேறு வழி என்ன? அளவை வாக்கியத்திலிருந்து பகுதிக்கு மாற்ற வேண்டும். பகுதி என்று நான் சொல்வது பத்தியை அல்ல. ஒரே வேலையைச் செய்கிற துண்டு, அவ்வளவுதான்: ஒரு நினைவு, ஓர் உரையாடல், ஒரு வர்ணனை. அது ஒரு பத்தியாகவும் இருக்கலாம், நாலு பக்கமாகவும் இருக்கலாம். என் அத்தியாயத்தில் அப்படி 13 தேறின. ஒரு தாளில் ஒவ்வொன்றையும் ஒரு வரியில் எழுதி, பக்கத்தில் அதன் சொல் எண்ணிக்கையையும் போட்டேன். வரும் வழியில் பயணம் 520, அப்பா சுவர்க்கடிகாரத்தைப் பழுது பார்க்கும் நினைவு 480, பக்கத்து வீட்டுக்காரர் வருகை 390, அப்பா ராத்திரியில் கணக்கு எழுதும் நினைவு 340, சண்டை 620, அப்புறம் தங்கை மொட்டைமாடியில் தனியாக நிற்பது 250, இந்த மாதிரி. இந்தக் கணக்கே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. பயணத்துக்கு 520 சொல் செலவழித்தவன், அவர்கள் தேடி வந்த கடிதத்துக்கு 280தான் கொடுத்திருக்கிறேன்.

தாளின் தலையில் இந்த அத்தியாயம் என்ன செய்கிறது என்பதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். 'வீட்டைக் காலி செய்கிறார்கள்' என்பது நடப்பது. 'அண்ணனை நம்பக்கூடாது என்று தெரிந்தும் அவள் கையெழுத்துப் போடுகிறாள்' என்பதுதான் அத்தியாயம் செய்வது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் வரிசைப்படுத்த வேண்டும்.

வரிசை என்றால் வரிசை, மதிப்பெண் அல்ல. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். 'முக்கியம், சுமார், தேவையில்லை' என்று மூன்று பெட்டி வைத்தால் பதின்மூன்றில் பதினொன்று முக்கியம் பெட்டிக்குள் போய் விழும், எழுதினவர் மனசு அப்படித்தான். அதனால் இரண்டிரண்டாக எடுத்து, இதில் ஒன்றுதான் இருக்கலாம் என்றால் எதை வைப்பேன் என்று கேட்டுக்கேட்டு ஒன்றிலிருந்து பதின்மூன்று வரைக்கும் இடம் கொடுங்கள். சமநிலை கிடையாது. கேட்கும்போது எது நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கக்கூடாது, எதை மறைத்துவிட்டுப் படித்தால் பின்னால் வருவது புரியாமல் போகிறது, அல்லது புரிந்தாலும் சப்பென்று ஆகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

என்னை ரொம்பப் படுத்தியது அந்த இரண்டு அப்பா நினைவுகள். எழுத்தாகப் பார்த்தால் கணக்கு எழுதும் நினைவுதான் உசத்தி. அதில் விளக்கு வெளிச்சம் தாளில் விழுவதை எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆனால் இரண்டும் செய்கிற வேலை ஒன்று: அப்பா எதையும் வாய்விட்டுச் சொல்லாதவர் என்று காட்டுவது. ஒரே வேலைக்கு இரண்டு ஆள் இருந்தால் ஒருவர் கீழே இறங்கத்தான் வேண்டும். இழுப்பறைச் சாவி கடிகாரத்துக்குள் கிடைக்கப்போகிறது, ஆகவே கடிகார நினைவு இல்லாமல் கதை நகராது. கணக்கு நினைவு பன்னிரண்டாம் இடத்துக்குப் போனது. வெட்டினதை எல்லாம் போட்டு வைக்கிற தனிக்கோப்பு ஒன்று வைத்திருக்கிறேன், அதில்தான் இருக்கிறது, இன்றுவரை வேறெங்கும் பயன்படவில்லை.

மொட்டைமாடி நேர்மாறு. அதில் ஒன்றுமே நடப்பதில்லை. முதலில் அதைத்தான் கடைசியில் போட்டேன். மறைத்துவிட்டுப் படித்தால் சண்டை முடிந்த கையோடு அவள் பேனாவை எடுத்துவிடுகிறாள், பயந்துபோய்க் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. அவள் யோசித்துத்தான் போடுகிறாள் என்பதற்கு அந்த 250 சொல் அமைதி வேண்டும். ஆறாம் இடத்துக்கு ஏறியது. ஒன்றும் நடக்காத பகுதி எல்லாம் வெட்டத்தக்கது என்று நினைத்தால் இந்த மாதிரி இடத்தில் அத்தியாயம் மூச்சு வாங்கும்.

கடைசியில் அடித்தட்டில் நின்றவை மூன்று: பயணம், கணக்கு நினைவு, பக்கத்து வீட்டுக்காரர். கூட்டினால் 1,250. தேவை 1,000தானே என்று தோன்றும். ஆனால் சரியாக 1,000க்கு வெட்டினால் போதாது, ஏனென்றால் வெட்டின இடத்தில் கொஞ்சம் திரும்ப எழுத வேண்டிவரும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேலே கொஞ்சம் சேர்த்தே எடுங்கள். உங்களுக்கு 1,200 என்றால் 1,400, 1,500 வரைக்கும் கீழேயிருந்து எண்ணிக்கொண்டு போங்கள்.

திரும்ப எழுதுவது எதற்கு? கீழே நிற்கிற பகுதிக்குள்ளும் ஒன்றிரண்டு உபயோகமான தகவல் ஒளிந்திருக்கும். அப்பா உயிரோடு இருக்கும்போதே அண்ணன் வீட்டுக்கு விலை விசாரித்தான் என்பதைச் சொல்லத்தான் பக்கத்து வீட்டுக்காரர் 390 சொல்லுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். அவரை அனுப்பிவிட்டு அதைச் சண்டைக்குள் தங்கை வாயில் வைத்தேன்: "அப்பா படுத்திருக்கும்போதே நீ விலை கேட்டாயாமே?" அவர் சொன்னதைவிட இவள் கேட்டது கூர்மையாக விழுந்தது. பயணத்தில் கடைசிப் பத்தியை மட்டும், ஒரு 90 சொல், வைத்துக்கொண்டேன். எல்லா ஒட்டும் போக நிகரமாகக் குறைந்தது 1,060. சண்டையிலும் கடிதத்திலும் அந்த ஒரு வரியைத் தவிர எதையும் மாற்றவில்லை.

ஒட்டு என்றேனே, அதில்தான் பிழை வரும். பக்கத்து வீட்டுக்காரரை எடுத்தேன், அடுத்த பத்தி 'அவர் போனதும் அண்ணன் கதவைச் சாத்தினான்' என்று தொடங்கியது. யார் அவர்? ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் இரண்டு பத்தி, பின்னால் இரண்டு பத்தி வாய்விட்டுப் படியுங்கள். 'அவர்', 'அந்த', 'அதற்குள்', 'மறுபடியும்' என்கிற சொற்களில் நாக்கு தட்டினால் எதையோ தேடுகின்றன என்று அர்த்தம். போன பாத்திரத்தின் பெயரை, பொருளின் பெயரை முழு நாவலிலும் தேடிப்பாருங்கள். என் ஆள் இரண்டு அத்தியாயம் தள்ளி 'அன்று பார்த்தபோதே சொன்னேனே' என்று மறுபடி வந்து நின்றார்.

வரிசை போட்டுப் பார்த்தும், கடைசியில் இருப்பதை எடுத்தாலும் அத்தியாயம் சாய்கிறது என்றால்? அப்படியும் நடக்கும். அநேகமாகத் தலையில் எழுதின ஒற்றை வாக்கியத்தில் ஒரு 'மேலும்' ஒளிந்திருக்கும், அதாவது அது இரண்டு அத்தியாயம். அப்போது வெட்டுவதை நிறுத்திவிட்டு அந்தத் தாளையே எடிட்டரிடம் காட்டிப் பேசுங்கள். எண்களோடு இருப்பதால் பேச்சு சீக்கிரம் முடியும். 100, 150 சொல் மட்டும் இடிக்கிறது என்றால் அது வேறு. உங்கள் நாலு நாள் பிரதியைத் திறந்து, தங்கின பகுதிகளில் எந்தச் செதுக்கல் உண்மையிலேயே நன்றாக இருக்கிறதோ அதை மட்டும் எடுத்துப் போடுங்கள். ஆனால் முதல் மூன்று இடத்தில் இருக்கும் பகுதிகளைத் தொடாதீர்கள்.

முடித்ததும் பழைய பிரதியைப் படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். எது குறைகிறது என்று கேட்காதீர்கள், கேட்டால் இல்லாததைக் கண்டுபிடித்துச் சொல்வார்கள். என்ன நடந்தது என்று கதையைச் சொல்லச் சொல்லுங்கள், எந்த இடத்தில் தடுமாறுகிறார்களோ அந்த ஒட்டில் இன்னும் ஒரு வாக்கியம் வேண்டும்.