பத்து விருத்தம் எழுதினால் பத்தும் அச்சில் வருமா?

கேள்வி: எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு முருகன் மேல் அந்தாதியாகப் பத்து விருத்தம் எழுதியிருக்கிறேன். தலைப்பு என்ன வைக்கலாம்? நீளம் சரியா? கீழே விளக்கக் குறிப்பு கொடுக்க வேண்டுமா?

உங்களுக்கு ஒரு பக்கம்தான் ஒதுக்கியிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஐந்து பாடலாகக் கொடுங்கள். தலைப்பையும் அந்த ஐந்துக்கு ஏற்பவே வையுங்கள்.

பெங்களூரில் நாங்கள் இருக்கும் பகுதியின் தமிழ்ச் சங்க மலருக்கு, திருச்சி பக்கத்து வயலூர் முருகன் மேல் ஒரு பதிகம் எழுதிக் கொடுத்தேன். அறுசீர் விருத்தம், அந்தாதித் தொடை. ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டுக்கு முதற்சொல். பத்தாவது பாட்டு முதல் பாட்டின் தொடக்கச் சொல்லில் வந்து முடியும். மலர்க் குழு என்னைக் கேட்காமலே நடுவில் மூன்று பாட்டை எடுத்துவிட்டது. மூன்றாம் பாட்டு ‘துணை’ என்று முடிகிறது, அதை அடுத்து அச்சில் இருக்கும் பாட்டோ ‘மயில்’ என்று தொடங்குகிறது. இருப்பது ஏழு பாட்டு, மேலே தலைப்பு ‘வயலூர்ப் பதிகம்’. தேவாரம் ஓதும் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, “பதிகம்னு போட்டிருக்கு, பாட்டு ஏழுதானே இருக்கு, தம்பி?” என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் வலிக்கிறது.

‘பதிகம் என்றால் பத்துதானா, சம்பந்தர் பதிகங்களில் திருக்கடைக்காப்போடு பதினொன்று வருமே’ என்று யாராவது கேட்பீர்கள். எனக்கும் தெரியும். பத்தோ பதினொன்றோ இருக்கட்டும், ஏழு பாட்டைப் பதிகம் என்று எந்தக் கணக்கில் சொல்வது?

இடம் ஏன் போதவில்லை என்று பிறகுதான் வடிவமைப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அறுசீர் அடி ஒரு பத்தியின் அகலத்துக்குள் அடங்காது. மும்மூன்று சீராக மடக்கித்தான் போட வேண்டும்:

வேலினால் குளத்தைத் தோண்டி
விளங்கிடும் வயலூர்ச் செல்வா

இது ஓர் அடிதான், அச்சில் இரண்டு வரி. ஆக ஒரு பாட்டுக்கு எட்டு வரி, பத்துப் பாட்டுக்கு 80 வரி, பாட்டுக்குப் பாட்டு இடைவெளி வேறு. இரண்டு பத்தியாகப் போட்டாலும் தலைப்போடு ஒரு பக்கத்தில் நெருக்கும். ஐந்து என்றால் இடப்பக்கம் மூன்று பாட்டு, வலப்பக்கம் இரண்டு பாட்டு, அதன் கீழ் மிஞ்சும் இடத்தில் குறிப்பு. யாரும் கை வைக்கத் தேவையில்லை. இடம் இல்லை என்றவர்கள் அதே மலரில் நன்கொடையாளர் படங்களுக்கு ஆளுக்கு ஒரு முழுப் பக்கம் வண்ணத்தில் கொடுத்திருந்தார்கள். நன்கொடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரைப் பக்கத்தில் அந்தப் படங்கள் அழகாகவே இருந்திருக்கும்.

தலைப்பில் தலமும் எண்ணிக்கையும் தெரிந்தால் போதும். அடுத்த மலருக்கு ‘வயலூர் முருகன் பஞ்சகம்’ என்று கொடுத்தேன். பஞ்சகம் என்றால் ஐந்து, அஷ்டகம் என்றால் எட்டு என்பது பக்திப் பாடல் படிப்பவர்களுக்குத் தெரியும். ‘அருள்மழை’, ‘கந்தன் கருணை’ போன்ற தலைப்புகள் எந்த ஊர் முருகனுக்கும் பொருந்திவிடும் என்பதால் நான் வைப்பதில்லை.

குறிப்பு கட்டாயம் கொடுங்கள். எங்கள் மலரைப் படிப்பவர்களில் பாதிப் பேர் திருச்சிப் பக்கமே போகாதவர்கள். பாட்டில் ‘பொய்யாக் கணபதி’ என்று வந்தால் அவர்கள் திகைப்பார்கள். நான் கொடுத்த குறிப்பு இவ்வளவுதான்: “வயலூர், திருச்சிக்கு அருகில் உள்ள முருகன் தலம். இங்குள்ள சக்தி தீர்த்தம் முருகன் வேலால் உண்டாக்கியது என்பது தல வரலாறு. பொய்யாக் கணபதி இத்தலத்துப் பிள்ளையார். அருணகிரிநாதர் இத்தலத்தைத் திருப்புகழில் பாடியுள்ளார். இப்பாடல்களைத் தாளமின்றி விருத்தமாக, ஷண்முகப்ரியாவில் பாடலாம்.” பாட்டுக்குப் பொழிப்புரை எழுதவில்லை, என்னைப் பற்றியும் ஒரு வரி இல்லை. ராகத்தை எழுதியதால் நவராத்திரி கொலுவில் ஒரு வீட்டில் அதைப் பாடினார்கள். ‘உரை இல்லாமல் இந்தக் காலத்தில் யாருக்குப் புரியும்’ என்பவர்கள் அருஞ்சொல் இரண்டு மூன்றுக்குப் பொருள் சேர்த்துக்கொள்ளட்டும், தவறில்லை.

உங்கள் பத்தில் எந்த ஐந்தை வைப்பது என்றால், நன்றாக இருப்பதைப் பொறுக்காதீர்கள், தொடை அறுந்துபோகும். முதல் ஐந்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஐந்தாம் பாட்டின் ஈற்றடியை மட்டும் முதல் பாட்டின் முதற்சொல்லில் முடியும்படி மாற்றி எழுதுங்கள். ஈற்றடியின் எதுகையும் நான்காம் சீரில் வரும் மோனையும் கெடாமல் அந்தச் சொல்லைக் கொண்டுவர நேரம் பிடிக்கும், கொடுக்க வேண்டிய தேதிக்கு ஒரு வாரம் முன்பே உட்கார்ந்துவிடுங்கள். அனுப்பும்போது, ‘இது அந்தாதி, பாடலை நீக்கவோ இடம் மாற்றவோ வேண்டுமானால் என்னிடம் கேளுங்கள்’ என்று தலைப்புக்கு மேலேயே எழுதி அனுப்புங்கள்.