எடுகோள் சரிந்தால் குறிக்கோள் என்ன ஆகும்? நூற்பாலைக் கணக்கோடு ஒரு கேள்வி பதில்

கேள்வி (வணிகவியல் மாணவி): பாடநூலின் திட்டமிடல் பகுதியில் குறிக்கோள் முதலிலும், எதிர்கால நிலைமை இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளும் எடுகோள் அடுத்தும் வருகின்றன. நாளைய நிலைமை தெரியாமல் குறிக்கோளை எப்படி முதலில் வகுப்பார்கள்?

பதில்: பாடநூலில் உள்ள வரிசை சொல்லிக்கொடுப்பதற்கு வசதியானது. நடைமுறையில் இரண்டும் ஒன்றையொன்று இரண்டு மூன்று முறை திருத்திய பிறகுதான் நிலைபெறுகின்றன. நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நூற்பாலைகளில் திட்டமிடல் பணியில் இருப்பதால் அங்கிருந்தே சொல்கிறேன். பஞ்சுப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. ஆண்டுத் திட்டமும் அதையொட்டியே எழுதப்படும். நூல் நூற்கும் 12,000 கதிர்கள் கொண்ட ஆலை 40-ஆம் நம்பர் கோம்பிங் நூல் ஓட்டினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,300 கிலோ கிடைக்கும். இவ்வளவு லாபம் வேண்டும் என்று உரிமையாளர் சொல்வது முதல் குறிக்கோள். பஞ்சு கண்டிக்கு, அதாவது 356 கிலோவுக்கு, என்ன விலையில் கிடைக்கும், எத்தனை ஷிப்டுக்கு ஆள் வருவார்கள், மின்சாரம் என்ன விலைக்கு வரும் என்ற எடுகோள்களை அதன்மீது வைத்துப் பார்த்தால், அந்த லாபம் எட்டக்கூடியதா என்பது ஒரு மாலைப் பொழுதிலேயே தெரிந்துவிடும். எட்டாது என்றால் குறிக்கோளைத் திருத்த வேண்டுமே தவிர, எடுகோளைத் தனக்குச் சாதகமாக வளைக்கக் கூடாது. நான் பார்த்த தவறான திட்டங்களில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் பிறந்தன.

கேள்வி (கணக்கர்): எடுகோள் என்பது முன்கணிப்புக்கு இன்னொரு பெயர்தானே? இரண்டும் எதிர்காலத்தைப் பற்றியவைதானே?

பதில்: பாதி சரி. பல எடுகோள்கள் முன்கணிப்பிலிருந்துதான் பிறக்கின்றன. பஞ்சு விலைக்கு நாங்கள் விதைத்த பரப்பு, மண்டிக்கு வரும் வரத்து, இந்தியப் பருத்திச் சங்கத்தின் விளைச்சல் மதிப்பீடு, அமெரிக்க வேளாண் துறையின் மாத அறிக்கை ஆகியவற்றைப் பார்ப்போம். அவற்றிலிருந்து கிடைப்பது கண்டிக்கு 55,000 முதல் 68,000 ரூபாய் வரை என்பது போன்ற ஒரு வீச்சு. அந்த வீச்சின்மீது யாரும் திட்டம் எழுத முடியாது. அதில் 60,000 என்ற ஒரு புள்ளியை எடுத்து, எல்லாத் துறைகளும் இதன்மீதே கணக்குப் போட வேண்டும் என்று முடிவு செய்வதே எடுகோள். முன்கணிப்பு ஒரு மதிப்பீடு. எடுகோள் ஒரு முடிவு. அந்த முடிவு எடுக்கப்படாத ஆலையில் கொள்முதல் துறை ஒரு விலையையும் விற்பனைத் துறை வேறொரு விலையையும் மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யும். இரண்டும் மோதும் வரை யாருக்கும் தெரியாது. மேலும், கடனுக்கு நூல் விற்பதில்லை என்பது போன்ற நமது சொந்த முடிவுகளும் எடுகோள்களே. அவற்றில் கணிப்பதற்கு ஒன்றுமில்லை.

கேள்வி (பின்னலாடைப் பிரிவின் மேற்பார்வையாளர்): எங்கள் யூனிட்டில் ஒவ்வொரு டைலருக்கும் நாளைக்கு இத்தனை பீஸ் என்று இலக்கு உண்டு. அப்படியானால் நாங்கள் குறியிலக்கு மேலாண்மைதானே நடத்துகிறோம்?

பதில்: இல்லை, ஐயா. நீங்கள் சொல்வது மேலிருந்து இறங்கும் அளவீடு. அது தேவையாக இருக்கலாம், ஆனால் குறியிலக்கு மேலாண்மை வேறு; அதில் மேலதிகாரியும் கீழே உள்ளவரும் கலந்து பேசிக் குறிக்கோளை வகுப்பார்கள். 1954-இல் மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் இக்கருத்தை முன்வைத்தபோது, குறிக்கோளோடு தற்கட்டுப்பாட்டையும் சேர்த்தே சொன்னார். பின்னாளில் பலர் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவர் காட்டிய ஒரு வழக்கம் கடிதம். மேலாளர் ஆண்டுக்கு இரு முறை தம் மேலதிகாரிக்கு எழுதுவார்: உங்கள் குறிக்கோள் இது என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன், என் வேலையின் குறிக்கோள் இது, எனக்கு உதவும் உங்கள் செயல்கள் இவை, தடையாக இருப்பவை இவை. உங்கள் டைலர் அப்படி ஒரு தடையைச் சொல்லி, அதனால் இலக்கே மாறிய நாள் உண்டா என்று பாருங்கள். அதுவே போதுமான சோதனை.

கேள்வி (ஆலை ஒன்றின் கொள்முதல் அலுவலர்): கொடுத்த குறிக்கோளை முழுவதும் எட்டியும் நிறுவனத்துக்கு நட்டம் வந்தால் குற்றம் யாருடையது? என் நிலைமை இப்போது அதுதான்.

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஏனென்றால் நான் இருந்த ஓர் ஆலையில் 2021-22 பருவத்தில் இதுவே நடந்தது, திட்டத்தை எழுதியவர்களில் நானும் ஒருவன். கண்டி 60,000 என்பது எங்கள் எடுகோள். வட்டிச் செலவைக் குறைக்க, இருப்பு 30 நாளைக்கு மேல் போகக் கூடாது என்பது கொள்முதல் மேலாளரின் குறிக்கோள். விற்பனைத் துறையோ அக்டோபர் கடைசியில் மூன்று மாத ஆர்டர்களை அதே 60,000 கணக்கில் விலை பேசி எடுத்தது. ஜனவரியில் பஞ்சு 75,000-ஐ ஒட்டி நின்றது. கண்டி என்பது 356 கிலோ. எனவே 15,000 ரூபாய் ஏற்றம் என்பது கிலோ பஞ்சுக்கு 42 ரூபாய். குட்டை இழைகளைச் சீவி நீக்கும் கோம்பிங்கில் 100 கிலோ பஞ்சுக்கு 70 கிலோ நூல்தான் தேறும் என்பதால், கிலோ நூலுக்கு அது ஏறத்தாழ 60 ரூபாய். கழிவு விற்ற பணம் அதில் சிறிதளவே ஈடுகட்டும். கடைசி மாத ஆர்டரை அந்த நட்டத்தில்தான் அனுப்பினோம். கொள்முதல் மேலாளர் ஒரு நாளும் 30 நாள் வரம்பை மீறவில்லை. மதிப்பீட்டில் அவருக்கு முழு மதிப்பெண்.

குற்றம் அவருடையது அல்ல. குறிக்கோளின் அருகிலேயே அது நிற்கும் எடுகோளையும், அந்த எடுகோள் எப்போது செத்துவிட்டதாகக் கருதப்படும் என்பதையும் நாங்கள் எழுதாமல் விட்டோம். விலை 66,000-ஐத் தாண்டி இரண்டு வாரம் நீடித்தால் கொள்முதலும் விற்பனையும் ஒன்றாக உட்கார்ந்து குறிக்கோளைத் திறக்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால், 75,000-ஐ அடையும் முன்பே எச்சரிக்கை வந்திருக்கும். உங்கள் மேலதிகாரியிடம் அடுத்த ஆண்டுக்கு அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (மாணவர்): கொள்கை, விதி, நடைமுறை எல்லாம் திட்டத்தின் வகைகள் என்கிறார்கள். பஞ்சுக் கிடங்கில் புகைபிடிக்கக் கூடாது என்பது எப்படித் திட்டமாகும்?

பதில்: எதிர்காலத்தில் திரும்பத் திரும்ப வரப்போகும் ஒரு நிலைமைக்கு இன்றே முடிவெடுத்து வைப்பதால் அது திட்டம்தான். பட்ஜெட் ஓராண்டோடு முடியும், இது நிற்கும். மேலே சொன்ன நட்டத்துக்குப் பிறகு எங்களைக் காத்தது அப்படிப்பட்ட ஒரு நிலையான திட்டம்தான்: கையில் பஞ்சு இல்லாத அளவுக்கு நூல் ஆர்டரை நிலைவிலையில் எடுப்பதில்லை என்ற கொள்கை. அதற்கு எந்த முன்கணிப்பும் தேவையில்லை.

கேள்வி (தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர்): குறியிலக்கு மேலாண்மையையே ஒழிக்க வேண்டும் என்று தர மேலாண்மை அறிஞர் டெமிங் தம் பதினான்கு அம்சங்களில் சொல்லியிருக்கிறார். நீங்கள் அதைத் தொடாமல் போகிறீர்கள்.

பதில்: அவருடைய கண்டனத்தில் எனக்குப் பெரும்பகுதி உடன்பாடு. ஸ்பின்னிங்கில் நூல் அறுதலைக் குறைக்க ஒரு எண்ணைக் குறிக்கோளாக வைத்தோம். பஞ்சு, ஈரப்பதம், ரோலர் தேய்மானம் எதையும் மாற்றாமல் எண்ணை மட்டும் வைத்ததால், முதலில் மாறியது அறுதலைக் கணக்கெடுக்கும் நேரம்; எந்திரம் சீராக ஓடும் வேளையில் மட்டும் எண்ணினார்கள். பதிவேட்டில் எண் இறங்கியும், நூலைக் கூம்பில் சுற்றும் வைண்டிங்கில் வெட்டு குறையாததைப் பார்த்தே அதைக் கண்டுபிடித்தோம். ஒரு இயந்திர அமைப்பின் இயல்பான ஏற்ற இறக்கத்தை ஆளின் தலையில் ஏற்றும் குறிக்கோள்களை நானும் இப்போது எழுதுவதில்லை. ஆனால் எவ்வளவு பஞ்சு வாங்குவது, எந்த விலைக்கு ஆர்டர் எடுப்பது என்பவை ஒருவர் தீர்மானிக்கும் விஷயங்கள்; அங்கே குறிக்கோள் இல்லாமல் எப்படி ஆலை நடத்துவது என்பதற்கு அவர் தரும் விடை எனக்குப் போதவில்லை.

கேள்வி (அதே கொள்முதல் அலுவலர்): விலை ஏறும்போது குறிக்கோளைத் திறந்து இருப்பை 90 நாளாக்கியிருந்தால் சரியாகிவிடுமா?

பதில்: ஜனவரியில் செய்தவர்கள் பிழைத்தார்கள். ஏப்ரலில் அரசு பஞ்சின் இறக்குமதி வரியை நீக்கியது. மே மாதம் கண்டி ஒரு லட்சத்தைத் தொட்டது. ஆண்டின் பிற்பாதியில் விலை இறங்கியது. மே மாதம் 90 நாள் இருப்பை நிரப்பியவர்கள் அதை இறங்குமுகத்தில் நூலாக்கி விற்க வேண்டியிருந்தது. எனவே ஏற்றத்துக்கு ஒரு வரம்பு போல இறக்கத்துக்கும் ஒரு வரம்பு எழுத வேண்டும். அந்தக் கீழ் வரம்பை எங்கே வைப்பது என்பதில் எங்கள் குழுவுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. நான் 10 சதவீதம் என்கிறேன், நிதித் துறையார் 5 என்கிறார்கள்.