பிப்ரவரியிடம் அகஸ்டஸ் நாள் திருடினாரா?

ஐயா, ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் விரல் முட்டியை எண்ணி மாதங்களின் நாள்களைச் சொல்லப் பழகியிருக்கிறாள். ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் மட்டும் ஏன் அடுத்தடுத்து 31 என்று கேட்டாள். தன் பெயர் கொண்ட மாதம் ஜூலைக்குக் குறையக்கூடாது என்று ரோமப் பேரரசர் அகஸ்டஸ் பிப்ரவரியிலிருந்து ஒரு நாளை எடுத்துக்கொண்டார் என்று நான் படித்ததைச் சொன்னேன். அது சரிதானா? ஒன்பதாவது மாதத்துக்கு ஏன் ஏழு என்று பொருள்படும் பெயர்?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

பெயரிலிருந்தே தொடங்குகிறேன். ரோமானியர்களின் பழைய ஆண்டு மார்ச்சில் பிறந்தது. அங்கிருந்து எண்ணினால் செப்டம்பர் ஏழாவது, டிசம்பர் பத்தாவது. சப்தமி, அஷ்டமி, நவமி, தசமி என்று மகளிடம் சொல்லிப் பாருங்கள், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கும் காதில் விழும். லத்தீனும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக்குடும்பம் என்பதால் வந்த ஒற்றுமை இது. ஜூலையும் ஆகஸ்டும்கூட முதலில் குவின்டிலிஸ், செக்ஸ்டிலிஸ், அதாவது ஐந்தாவது, ஆறாவது என்றுதான் இருந்தன. கி.மு. 153-இல் ஸ்பெயினில் போர் மூண்டது. மார்ச் 15-இல் பதவியேற்று வந்த கான்சல்கள் எனும் ஓராண்டுத் தலைமை ஆட்சியாளர்கள் சீக்கிரமே படையோடு கிளம்ப வேண்டியிருந்ததால் பதவியேற்பை ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். கான்சல்களின் பெயரால்தான் ஆண்டையே குறித்தார்கள் என்பதால் ஆண்டின் தொடக்கமும் ஜனவரியில் நிலைத்தது. மாதப் பெயர்களை யாரும் திருத்தவில்லை.

இனி நாள் கணக்கு. மொய் எழுதும்போது நாம் 100 என்று முடிக்காமல் 101 என்று எழுதுவோமே, அதுபோல ரோமானியர்களுக்கும் ஒற்றைப்படை எண்தான் மங்கலம். சந்திரனை வைத்துப் பார்த்தால் பன்னிரண்டு மாதங்களுக்கு 354 நாள். இரட்டைப்படையாக இருக்கிறதே என்று 355 ஆக்கினார்கள். மார்ச், மே, குவின்டிலிஸ், அக்டோபர் நான்குக்கும் 31, மற்றவற்றுக்கு 29. ஆனால் பன்னிரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் விடை இரட்டைப்படையாகத்தான் வரும். மொத்தம் 355 வரவேண்டுமென்றால் ஏதாவது ஒரு மாதம் இரட்டைப்படை ஆகியே தீரவேண்டும். இறந்தவர்களுக்கான சடங்குகளும் தீட்டுக் கழித்தலும் நடக்கும் பிப்ரவரிக்கு 28 போனது. ஆக, பிப்ரவரி குட்டையானது அகஸ்டஸ் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே.

355 நாள் சூரியனோடு ஒத்துப்போகாது. அதற்காக அவ்வப்போது பிப்ரவரியின் கடைசி நாள்களை வெட்டிவிட்டு 27 நாள் கொண்ட ஒரு மாதத்தைச் செருகினார்கள். எப்போது செருகுவது என்பதை முடிவு செய்தவர்கள் பூசாரிகள். அவர்களே அரசியல்வாதிகளாகவும் இருந்ததால், வேண்டியவர் பதவியில் இருந்தால் ஆண்டை நீட்டுவது, வேண்டாதவர் என்றால் விட்டுவிடுவது என்று ஆகிப்போனது. பருவத்துக்கும் காலண்டருக்கும் தொடர்பே அறுந்தது. ஜூலியஸ் சீசர் அதைச் சரிக்கட்ட கி.மு. 46-ஐ 445 நாள் கொண்ட ஆண்டாக நீட்டினார்.

அடுத்த ஆண்டிலிருந்து 365 நாள். கூடுதலான 10 நாள்களை அவர் பங்கிட்ட விதத்தில்தான் மகளின் கேள்விக்கு விடை இருக்கிறது. ஏற்கெனவே 31 இருந்த நான்கு மாதங்களை அவர் தொடவில்லை. ஜனவரி, செக்ஸ்டிலிஸ், டிசம்பர் மூன்றுக்கும் இரண்டிரண்டு நாள் சேர்த்தார், 29 என்பது 31 ஆனது. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பருக்கு ஒவ்வொன்று, அவை 30 ஆயின. சடங்குகள் கலையக்கூடாது என்று பிப்ரவரியை அப்படியே விட்டார். குவின்டிலிஸ் பழைய 31, பக்கத்திலிருந்த செக்ஸ்டிலிஸ் புது 31. அடுத்தடுத்து வந்தது இப்படித்தான். செக்ஸ்டிலிஸுக்கு அகஸ்டஸின் பெயரைச் சூட்டியது கி.மு. 8-இல். அப்போது அதற்கு 31 நாள் வந்து முப்பத்தேழு ஆண்டு ஆகியிருந்தது.

நீங்கள் படித்த கதை 13-ஆம் நூற்றாண்டில் சாக்ரோபோஸ்கோ என்ற அறிஞர் எழுதியது. பாடநூல் வழியாகப் பரவி இன்றும் விடாமல் சுற்றுகிறது, எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. இத்தாலியின் ஆன்சியோவில், சீசரின் திருத்தத்துக்கு முன்பு சுவரில் தீட்டிய காலண்டர் ஒன்று கிடைத்திருக்கிறது. மாதத்துக்கு ஒரு பத்தி, பத்தியின் அடியில் மொத்த நாள்கள். செக்ஸ்டிலிஸுக்குக் கீழே 29, பிப்ரவரிக்குக் கீழே 28.

இன்னொரு தடயமும் இருக்கிறது. மாதத்தின் நடுநாளை ரோமானியர்கள் ஈதுஸ் என்பார்கள். பழைய 31 நாள் மாதங்களில் அது 15-ஆம் தேதி, மற்றவற்றில் 13. பண்டிகைகள் இடம் மாறக்கூடாது என்று சீசர் புதிய நாள்களை மாதக் கடைசியில்தான் சேர்த்தார். அதனால் ஜூலையின் ஈதுஸ் 15-இலும், அதே 31 நாள் கொண்ட ஆகஸ்டின் ஈதுஸ் 13-இலும் நின்றுவிட்டன. எந்த மாதம் பிறவியிலேயே நீளம், எது பின்னால் வளர்ந்தது என்பதை அந்தத் தேதியை வைத்தே மகள் சொல்லிவிடலாம்.