பதினோரு பக்க விடுப்பு விதியை ஒரே பக்கமாக்குவது

கேள்வி: எங்கள் கம்பெனி ஊழியர் கையேட்டில் லீவு பற்றிய பகுதி மட்டும் பதினோரு பக்கம். எத்தனை நாள் லீவு, எது அடுத்த வருஷத்துக்குப் போகும், யாரிடம் அனுமதி வாங்கணும் என்று எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?

நீங்கள் சென்னையிலோ கோவையிலோ ஒரு தனியார் அலுவலகத்தில், எச்ஆர் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தொழிற்சாலை என்றால் அடிப்படைக் கணக்கே வேறு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்றது. 2020-இல் இயற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 180 ஆக்கியது. இரண்டிலுமே இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் லீவு, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முப்பது நாள் உச்சவரம்பு. அலுவலகம், கடை என்றால் 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. அது சொல்வது மூன்று பன்னிரண்டு: ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த பிறகு, அடுத்த பன்னிரண்டு மாதத்தில் இஎல் எனப்படும் ஈட்டிய விடுப்பு 12 நாள், சேர்ந்த முதல் வருஷத்திலிருந்தே உடம்புக்கு முடியாததற்கு எஸ்எல் 12 நாள், சிஎல் எனப்படும் தற்செயல் விடுப்பு 12 நாள். ஈட்டிய விடுப்பை மட்டும் 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம்.

இந்த எண்களைத்தான் முதலில் தனித்தாளில் எழுதிக்கொள்ளச் சொல்வேன். சட்டத்தை ஒப்பிக்க அல்ல. உங்கள் கையேடு இதைவிடக் குறைவாகக் கொடுத்தால் அதைச் சுருக்கத்தில் அழகாக எழுதி ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக. தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருக்கும் கம்பெனிகளில் இது சகஜம். அங்கே எழுதிய கையேட்டில் கிளையின் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி இங்கே அனுப்பிவிடுவார்கள். மாநிலச் சட்டம் வேறு என்று யாரும் பார்ப்பதில்லை. குறைவு தெரிந்தால் நிறுத்தி, கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு தொடருங்கள்.

அடுத்து, லீவு அத்தியாயத்தை மட்டும் படித்தால் போதாது. லீவைத் தின்னும் விதிகள் பாதி வேறு அத்தியாயங்களில் இருக்கும். “மாதத்தில் மூன்று முறை தாமதமானால் அரை நாள் சிஎல் கழியும்” என்பது வருகைப்பதிவுப் பகுதியில் இருக்கும். தகுதிகாண் காலத்தில் இஎல் எடுக்க முடியாது என்பது நியமனப் பகுதியில், நோட்டீஸ் காலத்தில் லீவு எடுத்தால் விடுவிப்புத் தேதி தள்ளிப்போகும் என்பது ராஜினாமா பகுதியில். கையேட்டின் பிடிஎப்பில் ‘லீவு’, ‘விடுப்பு’, ‘சம்பளப் பிடித்தம்’ என்று தேடி, வந்த இடங்களையெல்லாம் பத்தி எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். இதில் அரை நாள் போனாலும் பரவாயில்லை.

எத்தனை நாள் என்பதை எழுதுவது சுலபம். ஒரு சிறு அட்டவணை போதும்: லீவின் பெயர், நாள், எப்போது கணக்கில் ஏறும். சிக்கல் மூன்றாவதில்தான் வரும். 2024 ஜூலை 10-இல் ஒருவர் சேர்ந்தார் என்று வையுங்கள். 2025 ஜூலை 9-இல் அவருக்கு ஓராண்டு முடிகிறது. ஆனால் உங்கள் லீவு ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அப்படியானால் ஜூலை 10-இல் அவருக்கு 12 நாள் இஎல் ஏறுமா, டிசம்பர் வரைக்கும் உள்ள ஆறு மாதத்துக்கு 6 நாள் ஏறுமா? பல கம்பெனிகள் ஆறு என்று போட்டு, ஜனவரியில் முழு பன்னிரண்டு கொடுக்கின்றன. கையேட்டில் ‘விகிதாசாரப்படி’ என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். சுருக்கத்தில் அந்தச் சொல்லை வைக்காதீர்கள். சேர்ந்த மாதத்தைப் போட்டு எண்ணைப் பார்த்துக்கொள்ளும் சிறு பட்டியல் வையுங்கள். 15-ஆம் தேதிக்குள் சேர்ந்தால் அந்த மாதம் முழுசாகக் கணக்கில் வருமா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

சண்டை வருவது கொண்டுபோகும் விதியில். கையேட்டு வாசகம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “பயன்படுத்தாத இஎல், அதிகபட்சம் 24 நாள் சேமிப்புக்கு உட்பட்டு, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லப்படும்.” இதை அப்படியே “24 நாள் வரை கொண்டுபோகலாம்” என்று சுருக்கினால் தீர்ந்தது. ஏனென்றால் இதற்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது.

டிசம்பர் 31 அன்று ஒருவர் கணக்கில் 20 நாள் இருக்கிறது. வரம்பு ‘கொண்டுபோகும்’ நாளுக்கு என்றால், 20 என்பது 24-க்குள் அடங்குகிறது, இருபதும் போகும். ஜனவரி 1-இல் புதிய 12 சேர்ந்து கணக்கில் 32 ஆகும். வரம்பு ‘கணக்கில் இருக்கும்’ மொத்தத்துக்கு என்றால், 32 அனுமதி இல்லை. 24-இல் நிற்கும், 8 நாள் காலி. ஒரே வாக்கியம்தான், ஒரு ஆளுக்கு எட்டு நாள் வித்தியாசம்.

உங்கள் கம்பெனி எதைப் பின்பற்றுகிறது என்று கையேட்டை இன்னொரு முறை படித்துக் கண்டுபிடிக்க முடியாது. சம்பளப் பிரிவில் போய், போன டிசம்பர் 31-இல் 12-க்கு மேல் இஎல் வைத்திருந்த இரண்டு மூன்று பேரின் ஜனவரி இருப்பைப் பாருங்கள். டிசம்பரில் 18, ஜனவரியில் 30 என்று இருந்தால் மென்பொருள் முதல் அர்த்தத்தில் ஓடுகிறது. ஜனவரியில் 24 என்றால் இரண்டாவது. ஒருவருக்கு 30, இன்னொருவருக்கு 24 என்று இருந்தால் யாரோ கையால் திருத்துகிறார்கள். அதை முதலில் மேலிடத்தில் முடிவுசெய்யச் சொல்லுங்கள், மின்னஞ்சலில்.

இரண்டாவது அர்த்தம்தான் என்று முடிவானால், ஊழியருக்கு வேண்டிய எண் 24 அல்ல, 12. இப்படி எழுதுங்கள்: “டிசம்பர் 31 அன்று உங்கள் இஎல் இருப்பு 12-க்கு மேல் இருந்தால், மேலே உள்ள நாள்கள் போய்விடும். உதாரணம்: 20 இருந்தால் 8 போகும்.” மற்றதெல்லாம் இதற்குக் கீழே வரட்டும். சிஎல்லும் எஸ்எல்லும் டிசம்பரோடு முடிந்துவிடும் என்றால் அதையும் நேராகவே சொல்லுங்கள். “கொண்டுசெல்ல இயலாதவை” என்று எழுதினால் பணமாகக் கிடைக்குமோ என்று பத்துப் பேர் கேட்பார்கள். பணமாக்கல் பற்றிக் கையேட்டில் இருந்தால் தனி வரி. இல்லையென்றால் “பணமாக மாற்ற முடியாது” என்று நீங்களாகச் சேர்க்காதீர்கள். நிர்வாகமே வேலையிலிருந்து நீக்கினால், எடுக்காத இஎல்லுக்குப் பணம் தர வேண்டும் என்று அந்த 25-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. உங்கள் வரி அதோடு மோதும்.

அனுமதிப் பகுதியைக் கையேடுகள் எப்போதும் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்ற நினைப்பில் எழுதியிருக்கும்: விண்ணப்பி, மேலாளர் ஒப்புதல், முடிந்தது. ஊழியர் மாட்டிக்கொள்வது வேறு இடங்களில். மேலாளரே லீவில் இருந்தால் யார்? மூன்று நாளுக்கு மேல் என்றால் துறைத் தலைவரும் ஒப்ப வேண்டுமா? பதிலே வரவில்லை என்றால் அது அனுமதியா, மறுப்பா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலான கையேடுகளில் பதில் இருக்காது. பதில் வராமலே ஊருக்கு டிக்கெட் போட்டுப் போய்விட்டு, மாத முடிவில் எல்ஓபி என்று சம்பளம் பிடித்திருப்பதைப் பார்த்து அதிர்கிறவர்கள் இந்த ஓட்டையில் விழுந்தவர்கள்தான். “திரையில் ‘ஒப்புதல்’ என்று வரும்வரை லீவு கிடைத்ததாக ஆகாது, இரண்டு வேலை நாளில் பதில் இல்லையென்றால் இன்னாருக்கு எழுதுங்கள்” என்று ஒரு வரி நிர்வாகத்திடம் வாங்கிச் சேர்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் மேலாளர் போடும் கட்டைவிரல் செல்லுமா செல்லாதா என்பதையும்தான். சிரிக்காதீர்கள், பாதித் தகராறு அதில்தான்.

உடம்பு சரியில்லாத லீவில் முன் அனுமதி கேட்க முடியாது, தகவல் மட்டும்தான். அதைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள்: எந்த நேரத்துக்குள், யாருக்கு, எந்த வழியில். “இரண்டு நாளுக்கு மேல் என்றால் மருத்துவச் சான்று” என்பதை “மூன்றாவது நாளிலிருந்து” என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது நாளுக்கே சான்று தேடி அலைவார்கள். இஎஸ்ஐ உள்ளவர்களுக்கும் மகப்பேறு விடுப்புக்கும் விதிகள் தனி. ஒரு பக்கத்தில் திணிக்காமல் யாரைக் கேட்பது என்று மட்டும் போடுங்கள்.

வாராந்திர விடுமுறை நடுவில் வந்தால் என்ன என்பதைக் கிழமை போட்டே சொல்லுங்கள். வெள்ளியும் திங்களும் லீவு, சனி ஞாயிறு விடுமுறை. இடையில் உள்ளதையும் சேர்க்கும் விதி இருந்தால் 4 நாள் கழியும், இல்லையென்றால் 2. இந்த விதி பல இடங்களில் இஎல்லுக்கு உண்டு, சிஎல்லுக்கு இல்லை. எதற்கு என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

“கையேட்டைப் படிக்கச் சொன்னால் போதாதா, எதற்குச் சுருக்கம்?” என்று கீழே யாராவது கேட்பீர்கள். படிக்கட்டும், யார் வேண்டாமென்றது? பதினோரு பக்கத்தில் எட்டு நாள் எங்கே போனது என்று கண்டுபிடித்துக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எச்ஆர் என்றால் பொங்கலுக்குக் கோலப்போட்டி, பிறந்தநாளுக்குக் கேக் என்று நினைக்கும் நிர்வாகங்கள் இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுதுதான் ஒதுக்கும். கோலப்போட்டிக்கு இரண்டு வாரம் தருவார்கள்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் கையேட்டின் பத்தி எண்ணைச் சின்ன எழுத்தில் போடுங்கள். மேலே “இத்தனாம் தேதிக் கையேட்டின்படி, முரண்பட்டால் கையேடே செல்லும்” என்று ஒரு வரி. பிறகு எழுதியதில் சம்பந்தப்படாத மூன்று பேரிடம் கொடுத்து மூன்று கணக்குக் கேளுங்கள்: டிசம்பரில் 17 இஎல் இருந்தால் ஜனவரியில் எவ்வளவு, வெள்ளி-திங்கள் இஎல் எடுத்தால் எத்தனை நாள் கழியும், மேலாளர் ஊரில் இல்லாதபோது யாருக்கு அனுப்புவது. மூவரும் ஒரே பதில் சொல்லாத வரி எதுவோ அதைத் திருத்துங்கள். அதன்பின் சம்பளப் பிரிவுத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு அனுப்புங்கள். மென்பொருளில் லீவைக் கழிப்பது அவர்கள்தான்.