ஸ்டீவியா கேக் ஏன் வெளுக்கிறது? எரித்ரிட்டால் கேக் ஏன் நறநறக்கிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மெட்ஃபார்மினும் கிளிமிப்ரைடும் எடுக்கிறார். அவருக்காக 200 கிராம் மைதா, 200 கிராம் வெண்ணெய், நான்கு முட்டை போட்டுக் கேக் செய்தேன். சர்க்கரைக்குப் பதில் ஸ்டீவியா போட்டபோது தட்டையாக, வெள்ளையாக, காய்ந்து வந்தது. அடுத்த முறை எரித்ரிட்டால் என்ற மாற்று இனிப்பு 200 கிராம் போட்டேன். வாயில் சில்லென்று இருந்தது. மறுநாள் மணல்போல் நறநறத்தது. என்ன தவறு செய்தேன்? அப்பா இதைச் சாப்பிடலாமா? – ஒரு மகள், திருநெல்வேலி

மருத்துவர் பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் தவறு இல்லை. கேக்கில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. மாவையும் முட்டையையும் போல அதுவும் கேக்கைக் கட்டி நிறுத்தும் பொருள்களில் ஒன்று. வெண்ணெயுடன் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரையின் கூர்மையான படிகங்கள்தாம் வெண்ணெய்க்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகளைப் புகுத்துகின்றன. அடுப்பில் வைத்தபின், மாவு வேகும் வெப்பநிலையையும் முட்டை இறுகும் வெப்பநிலையையும் சர்க்கரை சற்று உயர்த்துவதால், குமிழிகள் விரிந்து கேக் எழும்புவதற்கு அவகாசம் கிடைக்கிறது. வெந்த பிறகு ஈரத்தைப் பிடித்துவைத்து, மறுநாளும் மென்மையாக இருக்கச் செய்வதும் அதுவே.

ஸ்டீவியா என்ற செடியின் இலையிலிருந்து எடுக்கும் சாறு சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பானது. ஆகவே 200 கிராம் சர்க்கரையின் இனிப்புக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தூய சாறு போதும். இனிப்பு வந்துவிட்டது, ஆனால் கலவையிலிருந்து 199 கிராம் பொருள் காணாமற் போய்விட்டது. வெண்ணெயில் காற்றைப் புகுத்தப் படிகம் இல்லை, முட்டை இறுகுவதைத் தாமதப்படுத்த எதுவும் இல்லை, ஈரத்தைப் பிடித்துவைக்கவும் ஆள் இல்லை. கேக் எழும்புவதற்கு முன்பே இறுகிவிட்டது. நிறம் வராததற்கும் காரணம் இதுதான். கேக்கின் மேற்புறம் பொன்னிறமாவதற்கு ஒரு பக்கம் சர்க்கரை உருகிக் கருகத் தொடங்குவதும், மறுபக்கம் சில வகைச் சர்க்கரைகள் முட்டை, பாலின் புரதத்தோடு வினைபுரிவதும் காரணம். ஸ்டீவியா வெப்பத்தில் சிதைவதில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் இந்த இரண்டு வினைகளுக்கும் அது உதவுவதில்லை. நிறம் வரட்டும் என்று கேக்கை இன்னும் பத்து நிமிடம் அடுப்பிலேயே விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வறட்சிக்கு அதுவும் ஒரு காரணமாகியிருக்கும்.

எரித்ரிட்டால் எடையை ஈடுசெய்தது. அதனால்தான் இரண்டாவது கேக் ஓரளவு எழும்பியது. அதன் குறை வேறு. சர்க்கரை தன் எடையில் பாதியளவு தண்ணீரிலேயே கரைந்துவிடும். எரித்ரிட்டால் கரைய அதைவிடப் பல மடங்கு தண்ணீர் வேண்டும். அவ்வளவு தண்ணீர் கேக்கில் இல்லை. அடுப்பின் சூட்டில் கரைந்தது, கேக் ஆறியதும் மீண்டும் படிகமாகிறது. அதுவே மறுநாள் பல்லில் பட்ட மணல். அந்தப் படிகம் நாவில் கரையும்போது வாயின் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் சில்லென்ற உணர்வு வருகிறது. மிக்ஸியில் பொடித்துச் சேர்த்தால் நறநறப்பு குறையுமே தவிர, இந்த அளவில் முழுவதும் போகாது. இதுவும் நிறம் மாறாத பொருள்தான்.

இனி உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எரித்ரிட்டால் இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை; பெரும்பகுதி குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து, மாற்றமின்றிச் சிறுநீரில் வெளியேறுகிறது. ஆயினும் 2023இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு அடுத்த மூன்று ஆண்டுகளில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்தது தெரிந்தது. நம் உடலும் சிறிதளவு எரித்ரிட்டாலைத் தானே உற்பத்தி செய்வதால், அந்தக் கணக்கை மட்டும் வைத்து உணவில் சேர்த்த எரித்ரிட்டாலே காரணம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் 2024இல் அதே குழுவினர் ஆரோக்கியமானவர்களுக்கு 30 கிராம் எரித்ரிட்டால் கொடுத்துப் பார்த்தபோது, இரத்தம் உறையக் காரணமான தட்டணுக்கள் கூடுதல் தூண்டலைக் காட்டின. குளுக்கோஸ் குடித்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. பங்கேற்றவர்கள் இருபதே பேர். எனவே இதுவும் இறுதிச் சொல் அல்ல. உங்கள் கேக்கை 12 துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் ஏறத்தாழ 17 கிராம் எரித்ரிட்டால் இருக்கும். இரண்டு துண்டு சாப்பிட்டால் அந்த ஆய்வில் கொடுத்த அளவைத் தாண்டிவிடும். தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகவே ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மாத்திரை கொடுக்கிறோம். அப்படிப்பட்ட ஒருவருக்கு இவ்வளவு எரித்ரிட்டாலைக் கொடுக்க நான் உடன்பட மாட்டேன். இதயக் கோளாறு இல்லாத சர்க்கரை நோயாளி எப்போதாவது ஒரு துண்டு சாப்பிடுவதை நான் தடுப்பதில்லை.

ஸ்டீவியாவில் எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. நாளொன்றுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு, 60 கிலோ எடையுள்ளவருக்கு, தூய சாறாகக் கணக்கிட்டால் சுமார் 700 மில்லிகிராம். உங்கள் கேக்கின் ஒரு துண்டில் நூறு மில்லிகிராம்கூட வராது. ஆனால் வாங்கும் பாக்கெட்டின் பின்புறத்தைக் கட்டாயம் படியுங்கள். 'ஒரு கரண்டி சர்க்கரைக்கு ஒரு கரண்டி' என்று விற்கப்படும் ஸ்டீவியாப் பொடிகள் பலவற்றில் ஸ்டீவியா துளியளவுதான். மீதி எரித்ரிட்டாலோ, மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரினோ ஆகும். பொருள்களின் பட்டியலில் 968 என்ற எண் இருந்தால் அது எரித்ரிட்டால். ஸ்டீவியாவின் எண் 960 என்று தொடங்கும். மால்டோடெக்ஸ்ட்ரின் இரத்தச் சர்க்கரையை, சர்க்கரையைப் போலவே விரைவாக ஏற்றும்.

இன்னொன்றும் இருக்கிறது, என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது இதுதான். 200 கிராம் மைதாவில் சுமார் 150 கிராம் மாவுச்சத்து உண்டு. சர்க்கரையை முழுவதும் எடுத்துவிட்டாலும், 12 துண்டாக வெட்டிய கேக்கின் ஒரு துண்டில் மைதாவிலிருந்து மட்டும் 12 கிராமுக்கு மேல் வருகிறது. 'சர்க்கரை இல்லைதானே' என்று இரண்டு துண்டு எடுத்துக்கொண்டால், சர்க்கரை போட்ட ஒரு துண்டுக்கு அருகில் வந்துவிடுகிறோம். ஆகவே மைதாவைக் குறைத்து, சர்க்கரையில் சிறு பகுதியை அதன் வேலைக்காக விட்டுவைத்து, மீதி இனிப்பை மட்டும் ஸ்டீவியாவிடம் ஒப்படைப்பதே சரியான வழி என்பது என் கருத்து.

எங்கள் வீட்டில் செய்யும் முறையைச் சொல்கிறேன். மைதா 80 கிராம், பாதாம் மாவு 120 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சலித்துக்கொள்ளுங்கள். 20 கிராம் பால் பவுடரை எண்ணெயில்லாத வாணலியில் மிகச் சிறு தீயில், மணல் நிறம் வரும்வரை கைவிடாமல் வறுத்து அதோடு சேருங்கள். பாலின் சர்க்கரையும் புரதமும் வறுபடும்போதே வினைபுரிந்துவிடுவதால், வழக்கமாகக் கேக்கின் மேற்புறத்தில் கிடைக்கும் அந்த நிறமும் மணமும் இதிலிருந்து வந்துவிடும். படிகம் குறைந்துபோன நிலையில் வெண்ணெயை அடிப்பதில் பயனில்லை. எனவே வெண்ணெயை விட்டு, 70 மில்லி சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறுங்கள். எண்ணெய் கேக் ஆறியபின்னும் மென்மையாக இருக்கும். அப்பாவின் இதயத்துக்கும் இது மேல். காற்றை முட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து பெறுவோம். நான்கு முட்டைகளின் வெள்ளைக்கருவையும் தனியே எடுத்து, 40 கிராம் சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கரண்டியைத் தூக்கினால் நுனி வளையாமல் நிற்கும்வரை நுரைக்க அடியுங்கள். அந்தச் சர்க்கரை இல்லாவிட்டால் நுரை விரைவில் உடைந்து நீர்விடும். மஞ்சள்கரு, எண்ணெய், 80 கிராம் கெட்டித் தயிர், எலுமிச்சைத் தோல் துருவல் ஆகியவற்றைத் தனியே கலந்து, 80 கிராம் சர்க்கரைக்கு ஈடு என்று பாக்கெட்டில் குறிப்பிட்ட அளவு ஸ்டீவியாவை இதில் கரையுங்கள். திரவ ஸ்டீவியா என்றால் அளப்பது எளிது. அதற்கு மேல் சேர்த்தால் இனிப்பு கூடாது. நாக்கின் அடியில் கசப்பு தங்கும். மாவைக் கலந்தபின் நுரையை மூன்று பங்காக, அடிக்காமல் புரட்டிச் சேருங்கள்.

ஏழு அங்குல அச்சில் ஊற்றி, முன்னரே சூடாக்கிய அவனில் 160 டிகிரி செல்சியஸில் வையுங்கள். சர்க்கரை குறைந்த கேக் சீக்கிரம் இறுகும் என்பதால் 25ஆவது நிமிடத்திலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். நடுவில் குத்திய குச்சி ஓரிரு ஈரத்துகளோடு வந்தால் எடுத்துவிடுங்கள். அதே குச்சி முற்றிலும் சுத்தமாக வரும்வரை காத்திருந்தால் மறுநாள் காய்ந்துவிடும். வழக்கமான கேக்கைவிட உயரம் சற்றுக் குறைவாகவும், உள்ளே கொஞ்சம் நெருக்கமாகவும்தான் இருக்கும். அதைக் குறையென்று நினைக்காதீர்கள். மேலே ஐசிங் வேண்டாம். சர்க்கரையில்லாத ஐசிங்குக்கு எரித்ரிட்டால் பொடிதான் கிண்ணக்கணக்கில் தேவைப்படும்.

இந்தக் கேக்கையும் 12 துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் மாவுச்சத்தும் சர்க்கரையுமாகச் சேர்ந்து சுமார் 10 கிராம் இருக்கும். சர்க்கரை அறவே இல்லாத உங்கள் பழைய கேக்கைவிடவும் இது குறைவு. அப்பா இதை மாலைக் காபியோடு தனியாகச் சாப்பிடாமல், மதிய உணவின் முடிவில், சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொண்டு ஒரு துண்டு சாப்பிடட்டும். இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதிவையுங்கள். 180ஐத் தாண்டினால் அடுத்த முறை அரைத் துண்டு போதும். கேக் சாப்பிடுவதற்காகக் கிளிமிப்ரைடைக் கூட்டவோ, 'சர்க்கரை இல்லாதது' என்பதற்காக விட்டுவிடவோ வேண்டாம். அந்த மாத்திரையால் சில நேரம் இரத்தச் சர்க்கரை 70க்கும் கீழே இறங்கி, கைநடுக்கமும் வியர்வையும் வரலாம். அப்போது ஸ்டீவியா கலந்த எந்தப் பண்டமும் உதவாது. மூன்று தேக்கரண்டி சாதாரணச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள்.