ஈசிஜி நார்மல் என்றாலும் எக்கோ எடுங்கள்

"12 வயதில் கால் எலும்பில் புற்றுநோய், கீமோ கொடுத்துக் குணமானது. இப்போது 27, மூன்று மாதக் கர்ப்பம். ஈசிஜி நார்மல். எக்கோவும் வேண்டுமா?"

வேண்டும் சகோதரி, இந்த வாரமே எடுத்துவிடுங்கள். இதயத் தசை எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது என்பது எக்கோவில்தான் தெரியும். எலும்புப் புற்றுநோய்க்கு வழக்கமாகத் தரும் சிவப்பு மருந்து, டாக்ஸோரூபிசின், அந்தத் தசையைப் பல ஆண்டுகள் கழித்தும் பலவீனமாக்கலாம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் அதன் மொத்த அளவைத் தேடுங்கள். உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 75 மி.கி. வீதம் ஆறு முறை என்றால் 450. 250 ஆனாலே அதிக அபாயம்தான். கர்ப்பத்தில் ரத்த அளவு கூடுவதால், இதுவரை சமாளித்த இதயம் திணறக்கூடும். படுத்தால் மூச்சு முட்டினால், கர்ப்பம் என்றால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள், உடனே காட்டுங்கள். அப்புறம், மகப்பேறு மருத்துவரிடம் அந்த சம்மரியின் நகலைக் கொடுத்துவையுங்கள்.